கலியாணத்தன்று தொடங்கிய காய்ச்சல்

என் மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காக்காவின் மூத்த மகளுக்குக் கலியாணம். அந்தக் காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்பது பிறகு பெரிய பிரச்சினையானது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காக்கா என்பது என் கூடப்பிறந்த மூத்த சகோதரர். கல்முனைக்கு வடக்கே, எங்கள் ஊரில், அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்த வளவுகள். என் கணவர் கத்தாரில் இருக்கிறார். ஆகவே என் வீட்டுக்கு ஆம்பிளை காக்காதான் என்று ஊர் தீர்மானித்திருந்தது. ஊர் தீர்மானித்ததைக் காக்கா மிகவும் விரும்பி ஏற்றுக்கொண்டார். அவருக்கு நாவிதன்வெளியில் வயல், ஊருக்குள் ஒரு சீமெந்துக் கடை, பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு கதிரை. இவற்றோடு, எந்த விஷயத்திலும் தனக்குத் தெரிந்த ஒரு பெரிய ஆள் இருப்பார் என்ற நம்பிக்கை. மின்சாரக் கட்டணத்துக்கு ஓர் ஆள், பாஸ்போட்டுக்கு ஓர் ஆள், பிள்ளையின் இருமலுக்கு ஓர் ஆள். நானோ பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எனக்கு அப்படி யாரையும் தெரியாது.

கலியாண மண்டபம் சாய்ந்தமருதில். உள்ளே குளிர்சாதனம், வெளியே எண்பது வாகனங்கள், சாப்பாட்டுக்கு நான்கு வகை இறைச்சி. இரண்டரை வயது மகன் என் தோளில் கிடந்தான். உடம்பு அடுப்புச் சட்டியைப் போலக் கொதித்தது. மதினியிடம், அதாவது காக்காவின் மனைவியிடம் போய், "மதினி, புள்ளைக்கி நல்ல காய்ச்சல், நான் வீட்டுக்குப் போகப்போறன்" என்றேன்.

அவர் பட்டுச் சேலையும் கழுத்து நிறைய நகையுமாக நின்றார். என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் வந்துகொண்டிருந்த விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மெதுவாக் கதைகா. மாப்புள வீட்டாக்கள் கேட்டா என்ன நெனைப்பாங்க. நல்ல நாள் பாத்து வருத்தக்காரப் புள்ளயத் தூக்கிட்டு வந்திரிக்கி எண்டு சொல்லுவாங்க. இது சும்மா சூடு. சனத்துக்குள்ள நிண்ட சூடு."

காக்காவும் வந்தார். மகனின் நெற்றியில் கை வைத்து, "காய்ச்சலா, ஒண்டுமில்ல" என்றார். கை வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டார். அவரிடம் அத்தர் மணத்தது. புகைப்படம் எடுக்கிறவன் கூப்பிட்டான், போய்விட்டார்.

அந்தக் குடும்பம் வெள்ளிக்கிழமைக் காய்ச்சலை இப்படித்தான் இல்லாமலாக்கியது. சனிக்கிழமை மணமக்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்றும் காய்ச்சல் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு, மதினி எட்டிப் பார்த்து, "ஐயோ, புள்ளைக்கிக் காய்ச்சல் வந்திரிக்கே" என்றார். அவர்கள் கணக்கில் அன்றுதான் முதல் நாள்.

அன்று மாலை காக்கா தன் வாகனத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு தன் டொக்டரிடம் போனார். அந்த டொக்டரின் பெயரையோ இடத்தையோ நான் சொல்லப் போவதில்லை. அவர் பிள்ளைகளுக்கான வைத்தியர் அல்ல. எல்லாருக்குமான வைத்தியர். மாலையில் தனியாராகப் பார்ப்பார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால் அவர் பெரிய டொக்டர் என்று எங்கள் சனத்துக்கு ஒரு விளக்கம். அந்த வாசலில் படி தெரியாத அளவுக்குச் செருப்பு. நாற்பது பேர் காத்திருக்கக் காக்கா எங்களைப் பின்கதவால் உள்ளே கொண்டுபோனார். அந்தப் பின்கதவுதான் அவருக்குப் பெருமை. மருந்து குறித்து அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

டொக்டர் கைத்தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கியபடி மகனின் வாயைத் திறக்கச் சொன்னார். தொண்டை சிவந்திருந்தது. அது உண்மை. நானும் பார்த்தேன். "டொன்சில்" என்றார். அன்டிபயோட்டிக் பாணி மருந்து ஒன்று, காய்ச்சல் பாணி ஒன்று. நான் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று சொல்ல வாய் திறந்தேன். காக்கா முந்திக்கொண்டார்.

"இண்டைக்குத்தான் சேர்."

"வெள்ளிக்கிழம தொடங்கினது" என்றேன்.

"அது கலியாண வீட்டுக் களைப்பு சேர்" என்று காக்கா சிரித்தார். டொக்டரும் சிரித்தார். கலியாணத்துக்கு அவரும் வந்திருந்தாராம். சாப்பாடு நல்லாயிருந்ததாம்.

பாணியைக் கொடுத்தேன். காய்ச்சல் ஒரு மணித்தியாலம் இறங்கி மறுபடி ஏறியது. செவ்வாய்க்கிழமை காலையில் மகனின் இரண்டு கண்களும் சிவந்திருந்தன. பீளை இல்லை, ஒட்டவில்லை, தண்ணீர் வடியவில்லை. வெள்ளை விழி மட்டும் செக்கச்சிவப்பு. உதடும் சிவந்து வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் இரத்தம் கசிந்து காய்ந்து கிடந்தது. யாரும் தொடக்கூடாது என்று கத்தினான். நான் தூக்கினாலும் கத்தினான், இறக்கினாலும் கத்தினான். அவன் சாதாரணமாக அழுகிற பிள்ளையல்ல. விழுந்தால் தானே எழும்பித் தூசு தட்டிக்கொள்கிறவன்.

மறுபடி பின்கதவு. டொக்டர் கண்ணைப் பார்த்தார். "கண்ணோய். இப்ப ஊருல பரவுது." கண்ணுக்குத் துளி மருந்து. டெங்குவோ என்று பார்க்க இரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லை. காக்கா அந்த ரிப்போட்டை எனக்கு ஒரு பரிசு தருவதுபோல நீட்டினார்.

"பாத்தயா? ஒண்டுமில்ல. நீ சும்மா பயப்பிடுற."

"டெங்கு இல்ல எண்டா காய்ச்சல் ஏன் நிக்கல்ல?"

"நிக்கும். மருந்து வேல செய்ய நேரம் வேணும். உனக்குப் படிப்பு கூடிப்போச்சு, அதுதான் பிரச்சின."

என் கணவர் கத்தாரிலிருந்து முகம் காட்டிப் பேசுகிற அழைப்பில் வந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற ஒருவர் மருந்துக் கடையில் வேலை செய்கிறாராம். அவர் திரையில் தலையை நீட்டி மகனின் கண்ணைப் பார்த்தார். "வைரஸ்தான் தங்கச்சி, அஞ்சு நாள் பாருங்க" என்றார். என் கணவர் பின்னால் நின்று தலையாட்டினார். மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் நின்று தலையாட்டுவது எவ்வளவு இலேசான வேலை என்று அன்று விளங்கியது.

புதன்கிழமை நெஞ்சிலும் முதுகிலும் செந்தடிப்புகள். வியாழக்கிழமை மூன்றாவது தடவை போனோம். டொக்டர் சட்டையை உயர்த்திப் பார்த்தார். "அலர்ஜி. முந்தின மருந்து ஒத்துக்கொள்ளல்ல" என்றார். தானே தந்த மருந்தை, வேறு யாரோ தந்ததுபோலச் சொன்னார். அதை நிறுத்தி வேறு அன்டிபயோட்டிக், அரிப்புக்கு ஒரு பாணி. இன்னொரு இரத்தப் பரிசோதனை.

ஞாயிறு தொண்டை, செவ்வாய் கண், வியாழன் தோல். ஒரே பிள்ளை, ஒரே டொக்டர், ஒரே மேசை. அன்றன்றைக்கு எது சிவந்ததோ அதற்கு ஒரு பெயர், ஒரு போத்தல். மூன்றையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. எங்களுக்குப் பின்னால் செருப்பு கழற்றிவிட்டு இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.

அந்த இரண்டாவது ரிப்போட்டில் பிளேட்லட் எண்ணிக்கை மிகவும் கூடியிருந்தது. டெங்குவில் பிளேட்லட் குறையும் என்பது எங்கள் ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். ஆகவே கூடியிருப்பது நல்லது என்று காக்கா முடிவு கட்டினார். தன் கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "மருமகனுக்குப் பிளேட்லட் நல்லாக் கூடியிரிக்கி, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லியிருக்கிறார். சிலர் எனக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார்கள். மகன் அந்த நேரம் என் மடியில் அனல்போலக் கிடந்தான்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. பிஸ்கட் பெட்டியோடு வந்தார்கள். கலியாணத்தில் பரிமாறிய புரியாணியைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவர் கண்ணூறு என்றார், இன்னொருவர் பல் முளைக்கிற சூடு என்றார். அவனுக்குப் பல் எல்லாம் எப்போதோ முளைத்துவிட்டது. போகும்போது பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவன் அலறினான். "என்ன வாப்பா, இவ்வளவு கோவம்" என்று சிரித்தார்கள்.

சனிக்கிழமை விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து மகனின் பம்பர்ஸை மாற்றினேன். தொடையிடுக்கில் தோல் மெல்லிய தாளைப்போல உரிந்து வந்தது. முதலில் ஈரத்தில் வெந்த புண் என்று நினைத்தேன். ஆனால் புண் இல்லை. கீழே சிவந்த புதுத் தோல், மேலே உரிகிற பழைய தோல். அவனை நிறுத்திக் கழுவப் பார்த்தேன். நிற்கவில்லை. காலைத் தரையில் வைக்காமல் மடக்கிக்கொண்டான். பாதங்கள் வீங்கி, மேற்பக்கம் மினுங்கின. கைகளும் அப்படியே. நாக்கை நீட்டச் சொன்னேன். சிவந்து, புள்ளிபுள்ளியாய்த் தடித்திருந்தது.

எனக்கு நோயின் பெயர் தெரியாது. ஆனால் இது டொன்சிலும் கண்ணோயும் அலர்ஜியும் வரிசையாக வந்து போவதல்ல என்பது தெரிந்தது. பாடசாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி மூன்று விடை எழுதினால் நான் மூன்றையும் வெட்டிவிட்டு, கேள்வியைத் திரும்ப வாசி என்று எழுதுவேன்.

காக்காவுக்குச் சொல்லவில்லை. முச்சக்கரவண்டி ஒன்றைக் கூப்பிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் காரியம் ஒரு மானக்கேடு. காக்காவின் கணக்கில் அங்கே போகிறவர்கள் வேறு வழி இல்லாதவர்கள். நான் சீட்டு எடுத்துப் பின்கதவு இல்லாத வரிசையில் உட்கார்ந்தேன். வெளிநோயாளர் பிரிவில் இருந்த இளம் டொக்டர் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டார். ஒன்பதாவது நாள் என்றேன். பேனையை வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். உடனே பிள்ளைகள் வார்ட்டுக்கு அனுப்பினார்.

வார்ட்டில் கட்டில் கிடைத்து அரை மணித்தியாலத்துக்குள் காக்கா வந்துவிட்டார். முச்சக்கரவண்டிக்காரர் சொல்லியிருக்கிறார். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை. வந்ததும் மேலும் கீழும் பார்த்தார், யாரைத் தெரியும் என்று தேடுகிற பார்வை.

"என்னட்டச் சொல்லாம ஏன் வந்தனீ? சேர் என்ன நெனைப்பாரு? அவர்ர மருந்து இன்னும் முடியல்ல."

அந்த நேரம் பிள்ளைகளுக்கான விசேட வைத்தியர் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். சிங்களப் பெண்மணி. கண்ணாடி, குட்டைத் தலைமயிர், மிகவும் களைத்த முகம். தமிழ் கதைப்பார். ஆனால் தமிழை ஒரு கடினமான வேலையைப்போலக் கதைப்பார், தேவைக்கு மேல் ஒரு சொல்லும் வராது.

"எத்தன நாள் காய்ச்சல்?"

"மூணு நாலு நாள் மெடம்" என்றார் காக்கா. வியாழக்கிழமை புது மருந்து தொடங்கியதிலிருந்து அவர் புதுக் கணக்குத் தொடங்கியிருந்தார். கலியாணத்தைத் தாண்டி மறந்தும் பின்னால் போகமாட்டார்.

"நீங்க யாரு?"

"மாமா. புள்ளைர மாமா."

"மாமா வேணாம். அம்மா சொல்லுங்க."

"போன வெள்ளிக்கிழம பின்னேரம் தொடங்கினது" என்றேன். "அண்டைக்கு ஒரு கலியாணம். அதால நாள் எனக்கு நல்லாத் தெரியும். ஒரு நாளும் விடல்ல."

"நீ குழப்பாத" என்று காக்கா தணிந்த குரலில் சொன்னார். "அண்டைக்குக் காய்ச்சல் இருக்கல்ல. மெடம், அண்டைக்குப் புள்ள மண்டபத்தில ஓடித்திரிஞ்சான்."

அவன் ஓடித் திரியவில்லை. என் தோளில் கிடந்தான். காக்காவுக்கு அது தெரியும். இரண்டரை வயதுப் பிள்ளை கிடக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, முடிந்துபோன ஒரு விருந்தின் மரியாதைக்காக அவர் பொய் சொன்னார். அவரைப் பற்றி எனக்கு முன்பும் பெரிய மதிப்பில்லை. ஆனாலும் அந்த நிமிடம் வரை அவரைக் கெட்டிக்காரத்தனம் காட்டுகிற ஒருவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

வைத்தியர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடமே கேட்டுக்கொண்டு போனார். கண் சிவந்ததா, எந்த நாள், பீளை வந்ததா? உதடு எப்போது வெடித்தது? தோலில் தடிப்பு எப்போது வந்தது, இப்போது இருக்கிறதா? தடிப்பு அதற்குள் மங்கியிருந்தது. கண் சிவப்பும் கொஞ்சம் குறைந்திருந்தது. "இப்ப இல்லாட்டியும் பரவாயில்ல. வந்ததா, அதுதான் வேணும்" என்றார். எல்லாம் ஒரே நாளில் ஒன்றாக நிற்காது, ஒன்று வர ஒன்று போகும் என்று தன்னோடு வந்த இளம் டொக்டர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். கழுத்தைத் தடவினார். ஒரு பக்கத்தில் நெறி கட்டியிருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. பம்பர்ஸைக் கழற்றி உரிந்த தோலைப் பார்த்தார். பாதத்தை விரலால் அழுத்தினார். கடைசியாக மகனின் இடது தோளில் சட்டையை ஒதுக்கினார். பிறந்தவுடன் போட்ட பீ.சீ.ஜீ. ஊசியின் தழும்பு அங்கே இருந்தது. அந்தத் தழும்பைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. இத்தனை நாள் குளிப்பாட்டித் துடைத்த எனக்கு அது நுளம்பு கடித்ததாகத்தான் பட்டது.

அவர் அந்த இடத்தில் விரலை வைத்து இளம் டொக்டர்களுக்கும் காட்டினார். பிறகு காக்கா நீட்டிய ரிப்போட்டுகளை வாங்கினார்.

"பிளேட்லட் நல்லாக் கூடியிரிக்கி மெடம்" என்று காக்கா உதவினார்.

"ஓம். அது நல்லம் இல்ல."

காக்கா ரிப்போட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

"எங்க காட்டினது? என்ன மருந்து?" என்று வைத்தியர் என்னிடம் கேட்டார். போத்தல்களைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பெயரை வாசித்துத் திரும்ப வைத்தார். முகத்தில் வந்த ஏளனத்தை அவர் மறைக்கவில்லை. அதில் ஒரு பங்கு எனக்கும் இருந்தது. "நீங்க படிச்ச ஆள். ஏன் அஞ்சு நாள் தாண்டியும் வீட்ல வச்சிருந்தது?" என்று கேட்டார். கேள்வி சரியானது, கேட்ட விதம் பிடிக்கவில்லை. இருபது பேர் கேட்க நின்ற அந்த வார்ட்டில் இரண்டையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டேன். எனக்குத் தேவைப்பட்டது அவருடைய மூளை, அவருடைய குணமல்ல.

நோயின் பெயர் கவாசாகி என்றார். காக்கா, "அது மோட்டர்சைக்கிள் இல்லியா?" என்று கேட்டார். பகிடிக்கல்ல, உண்மையாகவே கேட்டார்.

வைத்தியர் எனக்குச் சொன்னது சுருக்கமானது. உடம்பு முழுக்க இரத்தக் குழாய்கள் அழன்றிருக்கின்றன. ஏன் வருகிறது என்று சரியாகத் தெரியாது. தொற்றாது. காய்ச்சல் தானாகவும் ஒருநாள் போகும், ஆபத்து அதுவல்ல. இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற குழாய்கள் வீங்கிப் பலூன்போல ஆகலாம். அதைத் தடுக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. இம்யூனோகுளோபியூலின், நாளத்தால் மெதுவாக ஏற்றுவது. பத்து நாளுக்குள் ஏற்றினால் நல்லது.

"இண்டைக்கு ஒன்பது" என்றார். "மாமா சொன்ன கணக்கில பாத்தா நாங்க இன்னும் ரெண்டு மூணு நாள் சும்மா பாத்திட்டு இருப்பம்."

காக்கா அதைக் கேட்காததுபோல அடுத்த கேள்விக்குப் போனார். "மெடம், அந்த மருந்து எதில செய்யிற?"

"மனுச ரத்தத்தில இருந்து."

"ஆர்ர ரத்தம்?"

"தானம் குடுத்த ஆக்கள்ட. நிறையப் பேர்ட சேத்து. ஆயிரம் பேருக்கும் மேல."

"ஆரு எவரெண்டு தெரியாத ஆக்கள்ட ரத்தத்த எங்கட புள்ளைக்கி எப்பிடி மெடம்? வேற மருந்து இல்லியா? நான் எங்கட சேரோட ஒருக்காக் கதைச்சிப் பாக்கட்டா?"

வைத்தியர் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆயிரம் பேர் குடுத்திருக்கு. பேர் கேக்காம குடுத்திருக்கு. நீங்க எப்பவாவது குடுத்ததா?"

நான், "ஏத்துங்க டொக்டர்" என்றேன். எங்கே கையெழுத்து என்று கேட்டேன். கையெழுத்துப் போடும்போது காக்கா என் தோளுக்கு மேலால் எட்டி, "கத்தாருக்கு, மச்சானுக்கு ஒரு கோல் எடுத்திட்டுப் போடு" என்றார். எடுக்கவில்லை. போட்டேன்.

அன்று பின்னேரம் சிறு போத்தல்களாக அந்த மருந்து வந்தது. தெளிந்த தண்ணீர் மாதிரி. முதலில் மிக மெதுவாகச் சொட்டவிட்டார்கள். தாதி அடிக்கடி வந்து காய்ச்சலும் நாடியும் பிரஷரும் பார்த்தார். நடுக்கம் வருகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. பிறகு வேகத்தைக் கூட்டினார்கள். அஸ்பிரின் குளிசையும் தொடங்கினார்கள். கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, பெயர் தெரியாத ஆயிரம் பேர் துளித்துளியாக என் பிள்ளைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் உறவுக்காரர் யாரும் அதில் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தது ஒரு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. இறங்கியது ஏறவில்லை. மகன் தோடம்பழம் கேட்டான். உரித்துக் கொடுத்தேன். வெடித்த உதட்டில் பட்டதும் எரிந்தது, கோபித்துக்கொண்டு என் முகத்தில் எறிந்தான். அதைத் துடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாண்டிருப்புத் தாய் ஒருவர், "அழாதீங்க, எறிய பலம் வந்திட்டுதே" என்றார். பத்து நாளில் எனக்குப் பயன்பட்ட முதல் ஆறுதல் வார்த்தை அது.

காக்கா அன்று மாலை அப்பிளும் திராட்சையுமாக வந்தார். மகனின் கையில் மருந்தேற்றக் குத்தியிருந்த கெனியூலா தெரிகிறமாதிரிப் படம் எடுத்து, துஆ செய்யும்படி கேட்டு முகநூலில் போட்டார். இருநூறு பேர் ஆமீன் எழுதினார்கள். படத்தை எடுக்கச் சொன்னேன். "சனத்துக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சனத்துக்குத் தெரியக்கூடாதென்று இருந்தவர் அவர்.

செவ்வாய்க்கிழமை அம்புலன்ஸில் மட்டக்களப்புக்குப் போனோம், இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க. கல்லாற்றுப் பாலத்தில் மகன் தண்ணீரைக் காட்டி "கடல்" என்றான். அது வாவி. திருத்தவில்லை. அங்கே இருட்டறையில் நெஞ்சில் குளிர்ந்த பசை பூசி நீண்ட நேரம் பார்த்தார்கள். இடப்பக்கக் குழாய் ஒன்று சற்றே விரிந்திருந்தது. பலூன் இல்லை, இலேசான விரிவு. திரும்பி வந்ததும் எங்கள் வைத்தியர் அந்த அறிக்கையை இரண்டு தடவை வாசித்தார். இன்னும் பிந்தியிருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். சிறிய அளவில் அஸ்பிரின் தினமும். இரண்டு கிழமையில் ஒரு எக்கோ, பிறகு இன்னொன்று. மூன்று வயதில் போடவேண்டிய சின்னமுத்து (தட்டம்மை)த் தடுப்பூசியைப் பிந்திப் போடச் சொன்னார், ஏற்றிய மருந்து ஊசியை வேலை செய்ய விடாதாம். கொப்புளிப்பான் அம்மையோ புளூக் காய்ச்சலோ உள்ளவர்கள் பக்கத்தில் வந்தால் உடனே வரச் சொன்னார், அஸ்பிரின் குடிக்கிற பிள்ளைக்கு அது ஆபத்து. கடைசியாக, "விரல் நுனி உரியும். நகத்துக்குக் கீழ இருந்து. பயப்பிட வேணாம், மருந்து நிப்பாட்ட வேணாம்" என்றார்.

உரிந்தது. வீட்டுக்கு வந்து சில நாளில், கைவிரல் நுனியெல்லாம் நகத்தின் ஓரத்திலிருந்து தோல் கழன்று, கையுறையின் நுனியைப்போல வந்தது. மதினி அதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார்.

"ஆஸ்பத்திரி மருந்து புள்ளய எரிச்சிப் போட்டிச்சிகா."

இது வரும் என்று டொக்டர் முன்பே சொன்னார் என்றேன். நம்பவில்லை. அன்று நான் பாடசாலையால் வந்தபோது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்த அஸ்பிரின் பக்கற்றைக் காணவில்லை. மகனைப் பார்த்துக்கொள்ள இருந்த என் உம்மா, காக்கா வந்து எடுத்துப்போனார் என்றார். தன் டொக்டரைத் தொலைபேசியில் கேட்டாராம். சின்னப் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது என்று அவர் சொன்னாராம்.

பொதுவாக அது சரிதான். இந்த நோய்க்கு மட்டும் விலக்கு. பாதிச் சரி தெரிந்தவரின் நம்பிக்கை முழுப் பிழை தெரிந்தவருக்குக்கூட இருக்காது.

காக்கா வீட்டுக்குப் போனேன். முன் மண்டபத்தில் புது மாப்பிள்ளையின் வாப்பாவும் இரண்டு சொந்தக்காரரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. ஸலாம் சொல்லிவிட்டு நடு மண்டபத்தில் நின்றேன்.

"காக்கா, புள்ளைர குளிசயத் தாங்க."

"உள்ள வா, பிறகு கதைப்பம்."

"இப்பத் தாங்க. கலியாணத்தண்டு புள்ளைக்கிக் காய்ச்சல். உங்கட ஆக்களுக்குத் தெரியப்படாதெண்டு மறைச்சிங்க. ஆஸ்பத்திரியிலயும் நாளக் கொறைச்சிச் சொன்னிங்க. இப்ப மருந்தயும் ஒளிக்கிறிங்க. அவன்ர இருதயக் குழாய் விரிஞ்சி கிடக்கு. குளிசயத் தாங்க."

மாப்பிள்ளையின் வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அவர் எங்கள் பக்கத்து ஆட்கள் நினைத்த அளவுக்குக் கொடூரமானவரல்ல. "கலியாணத்தண்டா?" என்று மட்டும் கேட்டார். "சொல்லியிருந்தா எங்கட வாகனத்தில உடனே அனுப்பியிருப்பனே மகள்." காக்காவின் முகம் கறுத்தது. மதினி உள்ளேயிருந்து பக்கற்றைக் கொண்டுவந்து தந்தார். இந்தத் தடவை விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை.

அன்றைய குளிசையைச் சிறிது பிந்திக் கொடுத்தேன். அதன்பிறகு பக்கற்றை என் கைப்பையிலேயே பாடசாலைக்கும் கொண்டுபோய் வந்தேன்.

இரண்டாவது எக்கோவில் விரிவு குறைந்திருந்தது. இரண்டு மாதம் அளவில் எடுத்த மூன்றாவதில் குழாய் சாதாரண அளவுக்கு வந்திருந்தது. அஸ்பிரினை நிறுத்தச் சொன்னார்கள். எங்கள் வைத்தியர் அந்தப் படத்தைப் பார்த்து, "நல்லம்" என்றார். நான் நன்றி சொன்னேன். "அடுத்த ஆள்" என்றார். வெளியே வந்து கணவருக்குச் சொன்னேன். அவர் அழுதார். நிறைய நேரம் அழுதார். கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். அவர் அழுது முடியும்போது பஸ் வந்துவிட்டது.

காக்கா இப்போதும் அந்தக் கதையைச் சொல்கிறார். "எங்கட மருமகனுக்கு வந்த ஜப்பான் வருத்தம். டொக்டர்மாருக்கே தெரியாது. நான் சந்தேகப்பட்டு உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்ன" என்று சீமெந்துக் கடையில் சொல்வதை என் காதாலேயே கேட்டேன். அவருடைய டொக்டரின் வாசலில் செருப்பு குறையவில்லை. பெருநாளைக்குக் காக்கா வீட்டுக்குப் போகிறேன், ஸலாம் சொல்கிறேன், வட்டிலப்பம் சாப்பிடுகிறேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அது அவருக்கு வசதியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மகன் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறான். பிந்திப்போன ஊசியும் போட்டாயிற்று. போன கிழமை அவன் இன்னொரு பிள்ளையைத் தள்ளிவிட்டு ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டான் என்று ஆசிரியை முறையிட்டார். கண்டிப்பதாகச் சொன்னேன். இன்னும் கண்டிக்கவில்லை.